ஏ1சி நம்ப முடியாதபோது: ஃப்ரக்டோசமினா, கிளைக்கேட்டட் ஆல்புமினா, விரல் குத்தலா, சென்சாரா?

"மூணு மாச சுகர் 6.3 வந்திருக்கு, டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். ஆனா வீட்டு மிஷின்ல மத்தியானம் சாப்பிட்ட பிறகு 240 காட்டுது. எதை நம்புறது?" ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் சிறுநீரக நோயாளியாகவோ கர்ப்பிணியாகவோ இருப்பார். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "ஃப்ரக்டோசமின்னு ஒரு டெஸ்ட் இருக்காமே, அதை எடுத்துப் பார்த்துடலாமா?"

எடுக்கலாம். ஆனால் அந்தச் சோதனைக்கும் அதன் சொந்தக் கோளாறுகள் உண்டு. இதே இரண்டு நிலைகளில்தான் அவை பெரிதாகத் தலைகாட்டும். அதனால் 'மூணு மாச சுகர்' என்று சொல்லப்படும் ஏ1சி-க்கு மாற்றாக இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம்.

## ஏ1சி ஏன் தவறுகிறது

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. அந்த நாட்களில் அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுகிறது. எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஏ1சி. உப்புநீரில் ஊறும் மாங்காய்த் துண்டு மாதிரி: எவ்வளவு உப்பேறும் என்பது நீரின் கரிப்பை மட்டும் பொறுத்ததல்ல, எத்தனை நாள் ஊறியது என்பதையும் பொறுத்தது. ஊறிய துண்டுகளை எடுத்துவிட்டுப் புதுத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தால், எடுத்துச் சுவைக்கும்போது உப்பு குறைவாகத்தான் இருக்கும். நீரின் கரிப்பு மாறியிருக்காது.

சிறுநீரக நோயில் நடப்பது இதுதான். சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது. ரத்தசோகைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்பு ஊசியும் போடும்போது புதுச் சிவப்பணுக்கள் கூட்டமாக வருகின்றன. ரத்தம் ஏற்றினால் வேறொருவரின் அணுக்களே கலந்துவிடுகின்றன. சர்க்கரை குறையாமலே ஏ1சி குறைகிறது. நேர்மாறாகவும் நடக்கும்: இரும்புச்சத்துக் குறைவு ஏ1சி-யை உயர்த்திக் காட்டும். யூரியா அதிகமாக இருந்தால் சில பழைய முறைகளில் அதுவும் ஏ1சி-யாகவே எண்ணப்பட்டுவிடும். ஒரே நோயாளியிடம் ஒன்று ஏற்றவும் மற்றொன்று இறக்கவும் செய்தால், கடைசியில் வரும் எண் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் 30-க்குக் கீழே போனால், குறிப்பாக டயாலிசிஸில், ஏ1சி-யின் நம்பகத்தன்மை குறைவு என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

கர்ப்பத்தில் சிவப்பணு உற்பத்தி வேகமாகிறது, ஆகவே சாதாரணமாகவே ஏ1சி கொஞ்சம் இறங்கும். கடைசி மாதங்களில் இரும்புக் குறைவு வந்தால் மறுபடி ஏறும். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்பத்தில் சில வாரங்களுக்குள் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். மூன்று மாதச் சராசரியை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். இந்தச் சோதனை எத்தனை நாள் கதையைச் சொல்கிறது? என் உடம்பில் இப்போது இருக்கும் எந்தக் கோளாறு இதைக் கெடுக்கும்? சராசரியை மட்டும் சொல்கிறதா, ஏற்ற இறக்கத்தையும் காட்டுகிறதா? வரும் எண்ணுக்கு, "இதற்கு மேல் போனால் மருந்தை மாற்று" என்று ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு கோடு இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு சோதனை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாவிட்டால் கொடுத்த காசு வீண்தான்.

| வழி | எத்தனை நாள் | எது கெடுக்கும் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| ஃப்ரக்டோசமின் | 2–3 வாரம் | ஆல்புமின் குறைவு, சிறுநீரில் புரதம், தைராய்டு | சிவப்பணுவில்தான் கோளாறு, ஆல்புமின் சரி என்றால் |
| கிளைக்கேட்டட் ஆல்புமின் | 2–3 வாரம் | சிறுநீரில் புரதம் அதிகமாகப் போவது | டயாலிசிஸ் |
| குளுக்கோமீட்டர் | அந்த நிமிடம் | கடும் ரத்தசோகை, சில டயாலிசிஸ் திரவங்கள், அழுக்கு விரல் | கர்ப்பம் |
| சென்சார் | 10–14 நாள், இடைவிடாமல் | படுத்து அழுத்துவது, சில மருந்துகள், செலவு | எண்கள் முரண்படும்போது |

## ஃப்ரக்டோசமின்

பெயரைப் பார்த்து இது பழச்சர்க்கரையை அளக்கும் சோதனை என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீரத்தில் இருக்கும் எல்லாப் புரதங்களிலும் ஒட்டியிருக்கும் குளுக்கோஸை மொத்தமாக அளக்கிறது. அந்தப் புரதங்களில் பெரும்பங்கு ஆல்புமின். ஆல்புமினின் பாதி ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் புதிதாக மாறிவிடுவதால், இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைச் சொல்கிறது. வெறும் வயிறு தேவையில்லை. சிவப்பணுவுக்கு இதில் வேலையே இல்லாததால் ரத்தசோகை, தலசீமியா, எரித்ரோபொய்ட்டின் ஊசி எதுவும் நேரடியாகப் பாதிக்காது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள்.

பல ஆய்வகங்கள் அச்சடிக்கும் இயல்பு அளவு லிட்டருக்கு 200 முதல் 285 மைக்ரோமோல். இந்த வரம்பு ஆல்புமின் சரியாக இருக்கும் சாதாரண ஆட்களை வைத்து எடுத்தது. ரிப்போர்ட்டில் அது எழுதியிருக்காது.

ஏ1சி எண்ணோடு ஒப்பிட விரும்பினால் ஒரு சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது:

```
HbA1c = 0.017 × fructosamine + 1.61
```

317 வந்தால் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குச் சமம். இதுவும் சிறுநீரகமும் ஆல்புமினும் ஒழுங்காக இருப்பவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும்.

இனி இதன் பலவீனம். ஆல்புமின் குறைந்தால் சர்க்கரை ஒட்ட இடமே குறைகிறது, எண்ணும் குறைகிறது. அதனால் ஃப்ரக்டோசமினோடு கூடவே ஆல்புமினையும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ரிப்போர்ட்டைப் படிக்கவே முடியாது. முதல் மறைமுகச் செலவு இதுதான். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

சிலர் திருத்தம் செய்வார்கள்: வந்த எண்ணை 4-ஆல் பெருக்கி, நோயாளியின் ஆல்புமினால் வகுப்பது. கணக்கு எளிது. ஆனால் இது பாதிக் கோளாறைத்தான் சரிசெய்யும். ரத்தத்தில் நீர் கூடி ஆல்புமின் நீர்த்துப் போயிருந்தால் திருத்தம் ஓரளவு பலிக்கும். சிறுநீரில் ஆல்புமின் ஒழுகிக்கொண்டிருந்தால் கதை வேறு. அங்கே ஆல்புமின் குறைந்திருப்பது மட்டுமல்ல, இருப்பதெல்லாம் இளசு. கல்லீரல் புதிது புதிதாகச் செய்து அனுப்ப, சர்க்கரை ஒட்டும் முன்பே அது சிறுநீரில் போய்விடுகிறது. மாங்காய்த் துண்டை மாற்றிக்கொண்டே இருக்கும் அதே கதை இங்கேயும் வந்துவிட்டது. எந்தத் திருத்தமும் இதைச் சரிக்கட்டாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் ஆல்புமின் சீக்கிரம் அழிந்து எண் குறையும், குறைவாகச் சுரந்தால் எண் கூடும். மஞ்சள் காமாலையும் அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் சோதனையின் நிறமாற்றத்தையே குழப்பக்கூடும். எல்லா ஆய்வகங்களிலும் இந்தச் சோதனை நடப்பதில்லை, பெரும்பாலும் வெளியூருக்கு அனுப்புவார்கள். முறைக்கு முறை எண் மாறும் என்பதால் முதல் முறை எங்கே கொடுத்தீர்களோ, அடுத்த முறையும் அங்கேயே கொடுங்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும், இது கைகொடுக்கும் இடங்கள் தெளிவாகவே இருக்கின்றன. தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் கோளாறு இருந்து ஆல்புமின் சரியாக இருப்பவர்களுக்கு, அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கு, மருந்தை மாற்றிவிட்டு மூன்று வாரத்தில் பலன் தெரிய வேண்டியவர்களுக்கு இது நல்ல தேர்வு. அங்கேயும் ஒரே ஒரு எண்ணை விட, அடுத்தடுத்து எடுத்த எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதுதான் அதிகம் சொல்லும்.

## கிளைக்கேட்டட் ஆல்புமின்

ஃப்ரக்டோசமினின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் அண்ணனை விடக் கொஞ்சம் ஒழுங்கானவன். எல்லாப் புரதங்களையும் சேர்த்து அளக்காமல், ஆல்புமினில் மட்டும் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறது. சதவீதம் என்பதால் ஆல்புமின் நீர்த்துப் போனால் கவலையில்லை. இயல்பு அளவு தோராயமாக 11 முதல் 16 சதவீதம். ஏ1சி-யைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எண் வரும்.

இதை அதிகம் பயன்படுத்துவது ஜப்பான். அங்கே டயாலிசிஸ் மருத்துவர்களின் சங்கம் 2012 வழிகாட்டுதலில் நேரடியாக ஒரு கோடு போட்டிருக்கிறது: ஹீமோடயாலிசிஸ் நோயாளிக்கு 20 சதவீதத்துக்குக் கீழே. ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வந்து, சர்க்கரை தாழ்ந்துபோகும் போக்கும் இருந்தால் 24-க்குக் கீழே இருந்தால் போதும். டயாலிசிஸ் நோயாளிக்கு ஃப்ரக்டோசமினை விட இதை நான் முன்னால் வைப்பதற்கு இந்தக் கோடு ஒரு முக்கியக் காரணம்.

டயாலிசிஸுக்கு இது பொருந்துவதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. நாள்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்குச் சிறுநீரே நின்றுபோயிருக்கும். சிறுநீர் இல்லையென்றால் அதில் ஒழுகும் புரதமும் இல்லை. ஆனால் இன்னும் டயாலிசிஸுக்குப் போகாமல், நுரைநுரையாகச் சிறுநீர் போகும் நிலையில் இருப்பவருக்கு ஃப்ரக்டோசமினுக்குச் சொன்ன அதே குறைதான்: எண் பொய்யாகக் குறையும். வயிற்று டயாலிசிஸில் திரவத்தோடு புரதம் வெளியேறுவதால் அங்கேயும் இதே சிக்கல். நம் ஊரில் பெரிய ஆய்வகங்கள் சிலவற்றில்தான் கிடைக்கிறது என்பது தனிக் குறை.

## விரல் குத்தும் குளுக்கோமீட்டர்

இது மட்டும்தான் எதையும் ஊகிக்காமல் சர்க்கரையையே அளக்கிறது. கர்ப்பத்துக்கு இதுவே முதல் தேர்வு, அதற்குப் போட்டியே இல்லை. காரணம், குழந்தை பெரிதாவதில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் உச்சங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃப்ரக்டோசமின் ஆகட்டும், ஏ1சி ஆகட்டும், உச்சத்தையும் பள்ளத்தையும் சேர்த்துச் சராசரியாக்கிவிடும். அதோடு இங்கே ஒத்துக்கொள்ளப்பட்ட கோடுகள் உண்டு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ்.

கர்ப்பகால நீரிழிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் ஃப்ரக்டோசமின் உதவாது. அதற்குக் குளுக்கோஸ் கரைசல் குடித்துப் பார்க்கும் சோதனைதான். சென்னையின் டாக்டர் வீ. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது இதுதான். ஏ1சி-க்கு இங்கே ஒரு சின்ன இடம் உண்டு: முதல் மூன்று மாதத்திலேயே 6.5 அல்லது அதற்கு மேல் வந்தால், கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

குளுக்கோமீட்டரின் குறை என்ன? நல்ல கருவி என்று சான்று பெற்றதே, சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம். உண்மையில் 140 என்றால் 119 முதல் 161 வரை எதுவும் வரலாம். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டாமல், நான்கைந்து நாள் எண்களை வரிசையாகப் பார்ப்பது அதனால்தான்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. ரத்தசோகை ஏ1சி-யை மட்டுமல்ல, குளுக்கோமீட்டரையும் பாதிக்கும். ரத்தத்தில் சிவப்பணு குறைவாக இருந்தால் ஸ்ட்ரிப் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவோடு வரும் மடிப்புத் தாளைத் தூக்கிப் போடாமல் அதில் 'ஹீமாட்டோகிரிட்' என்ற வரியைத் தேடுங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. எந்த அளவு வரை கருவி சரியாக வேலை செய்யும் என்று போட்டிருக்கும். ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கினால் உங்கள் ஹீமாட்டோகிரிட் தோராயமாக வந்துவிடும். ஹீமோகுளோபின் 9 என்றால் 27. கருவியின் கீழ் எல்லை 30 என்றால் அது உங்களுக்கான கருவி அல்ல.

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவத்தைப் பயன்படுத்தினால் அது உடம்பில் மால்டோஸாக மாறுகிறது. சில வகை ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். கருவி 250 காட்டும், உண்மையில் 60 இருக்கலாம். அதை நம்பி இன்சுலின் போட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்ட்ரிப் தாளில் GDH-PQQ என்று இருந்தால் அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

செலவும் சின்னதல்ல. கருவி மலிவு, ஸ்ட்ரிப்தான் காசைத் தின்னும். ஒரு நாளைக்கு நான்கு முறை என்றால் மாதம் 120 ஸ்ட்ரிப்.

## சென்சார்

மேல்கையில் ஒட்டிக்கொண்டால் 10 முதல் 14 நாள் வரை, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவெடுத்துக்கொண்டே இருக்கும். சிவப்பணுவின் வயதோ ஆல்புமினோ இதைப் பாதிக்காது. ஏ1சி-யும் ஃப்ரக்டோசமினும் தராத ஒன்றைத் தருகிறது: இரவு மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று. சிறுநீரகம் செயலிழக்கும்போது இன்சுலின் உடம்பை விட்டுப் போக அதிக நேரம் எடுக்கும், ஆகவே தாழ்சர்க்கரை வரும் ஆபத்து கூடும். தூக்கத்தில் வந்து போகும் தாழ்சர்க்கரையைச் சராசரி எண்கள் காட்டவே காட்டாது.

சென்சாரின் சராசரியை ஏ1சி மாதிரி ஒரு எண்ணாக மாற்ற இந்தச் சூத்திரம் இருக்கிறது. செயலியில் GMI என்று வருவது இதுதான்:

```
GMI = 3.31 + 0.02392 × mean glucose (mg/dL)
```

ஏ1சி 6.5 என்றும் GMI 8 என்றும் வந்தால், அந்த நோயாளிக்கு ஏ1சி ஒன்றரைப் புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கர்ப்பத்தில் GMI-யைப் பார்க்க வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது 63 முதல் 140-க்குள் எவ்வளவு நேரம் என்பதை. ஏற்கனவே முதல் வகை நீரிழிவு இருக்கும் கர்ப்பிணிக்கு இலக்கு 70 சதவீதத்துக்கு மேல், அதாவது நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம்.

ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், 14 நாளில் தூக்கிப் போட வேண்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகத் தாழ்சர்க்கரை காட்டும். சில வகைகளை அதிக அளவு வைட்டமின் சி குழப்பும். டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சோதித்துப் பார்க்கவில்லை என்று சில கருவிகளின் கையேட்டிலேயே இருக்கிறது, வாங்கும் முன் படித்துவிடுங்கள். ஆனால் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எண்கள் முரண்படும்போது ஒரே ஒரு சென்சார், ஒரே ஒரு முறை போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். வருடம் முழுக்க நான்கு முறை ஃப்ரக்டோசமின் எடுத்துக் குழம்புவதை விட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

## எண்களை வைத்துப் பார்ப்போம்: சிறுநீரகம்

விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டு. 58 வயது ஆண். இ.ஜி.எஃப்.ஆர் 22, இன்னும் டயாலிசிஸ் இல்லை. சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது, கால் வீக்கம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4, மூன்று மாதமாக எரித்ரோபொய்ட்டின் ஊசி. இரவில் இன்சுலின். ஏ1சி 6.3.

6.3-க்குச் சமமான சராசரி சர்க்கரை, வழக்கமான கணக்குப்படி 134. ஆனால் வீட்டுக் கருவியில் காலை 120, மத்தியானம் 250, ராத்திரி 270. ஆகவே மருத்துவர் ஃப்ரக்டோசமின் எழுதுகிறார். 268 வருகிறது. 285-க்குள் இருப்பதால் ரிப்போர்ட்டில் இயல்பு என்று இருக்கிறது. சூத்திரத்தில் போட்டால் 6.2 வருகிறது. ஏ1சி 6.3, ஃப்ரக்டோசமின் கணக்கில் 6.2. இரண்டும் அச்சாக ஒத்துப்போகின்றன.

இங்கேதான் ஏமாறுவோம். இரண்டு சோதனைகள் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும், வீட்டுக் கருவிதான் கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு சாட்சிகளுக்கும் தனித்தனிக் கோளாறு இருக்கிறது, இரண்டு கோளாறும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஊசியால் சிவப்பணு இளசாகி ஏ1சி குறைந்தது. புரதம் ஒழுகி ஆல்புமின் இளசாகி ஃப்ரக்டோசமின் குறைந்தது.

ஆல்புமினைப் பார்த்தால் 2.8. திருத்தம் செய்தால் 268-ஐ 4-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுக்க 383 வருகிறது. அது ஏ1சி கணக்கில் 8.1, சராசரி சர்க்கரை 186 பக்கம். 6.2 எங்கே, 8.1 எங்கே! ஒழுகும் ஆல்புமின் இளசு என்பதால் உண்மை இதற்கும் மேலேதான் இருக்கும் என்று ஊகிக்கலாம், எவ்வளவு மேலே என்று சொல்ல முடியாது.

14 நாள் சென்சார் போடுகிறார்கள். சராசரி 204, GMI 8.2. காலைச் சாப்பாட்டிலிருந்து நள்ளிரவு வரை உயர்ந்தே இருக்கிறது. ஆனால் இரண்டு இரவுகளில் மூன்று மணிக்கு 65 பக்கம் இறங்கியிருக்கிறது. கையை அழுத்திப் படுத்ததாலா என்று பார்க்க, அடுத்த சில இரவுகள் அலாரம் வைத்து எழுந்து விரல் குத்திப் பார்த்தபோது 70-தான். ஆகவே நிஜம். ஏ1சி-யை மட்டும் நம்பியிருந்தால் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். சராசரி அதிகம் என்று மட்டும் தெரிந்திருந்தால் இரவு இன்சுலினைக் கூட்டியிருப்பார்கள், அது ஆபத்தில் முடிந்திருக்கும். இப்போது மருத்துவரால் இரவு அளவைக் குறைத்து, பகல் சாப்பாட்டுக்கு மருந்து சேர்க்க முடிகிறது.

இவருக்கு இனி என்ன சோதனை? ஏ1சி-யை அறவே விட்டுவிடத் தேவையில்லை. 6.3 வந்தபோது உண்மை 8.2 பக்கம் என்ற இடைவெளி தெரிந்துவிட்டது. ஊசியின் அளவும் ஹீமோகுளோபினும் மாறாத வரை, ஏ1சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பார்க்கலாம். ஊசியின் அளவு மாறினாலோ ரத்தம் ஏற்றினாலோ அந்த இடைவெளி செல்லாது. ஃப்ரக்டோசமினை இவருக்குத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. இதே மனிதர் பின்னால் ஹீமோடயாலிசிஸுக்குப் போய், சிறுநீர் நின்று, ஆல்புமின் 3.8-க்கு ஏறினால், அப்போது கிளைக்கேட்டட் ஆல்புமின் நல்ல தேர்வாகிவிடும்.

## எண்களை வைத்துப் பார்ப்போம்: கர்ப்பம்

30 வாரக் கர்ப்பிணி, கர்ப்பகால நீரிழிவு, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கிறார். ஏ1சி 5.4, ஃப்ரக்டோசமின் 205. இரண்டும் பார்க்க அழகாக இருக்கின்றன. வீட்டில் இன்சுலின் வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

வீட்டுக் கருவியில் ஒரு வாரமாகக் காலை வெறும் வயிற்றில் 98 முதல் 104. நாலு இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 165. மத்தியானமும் ராத்திரியும் கோட்டுக்குள். ஆல்புமின் 3.1. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் ஆல்புமின் இப்படி இறங்குவது இயல்பு, ஆகவே 205 என்ற எண்ணும் இறங்கியதுதான். திருத்தினால் 265 வருகிறது. அதுவும் 'இயல்பு'தான். அதாவது திருத்திய பிறகும் ஃப்ரக்டோசமின் இவரிடம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாளின் பெரும்பகுதி சரியாக இருந்து, காலை மட்டும் கெட்டிருந்தால் சராசரியில் அது கரைந்துபோகும்.

முடிவு குளுக்கோமீட்டரின் பக்கம்தான். இட்லியைக் குறைத்து, கூட முட்டையோ சுண்டலோ சேர்த்தால் 165 இறங்கலாம். வெறும் வயிற்று எண் சாப்பாட்டுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது, பெரும்பாலும் அதற்குத்தான் மருந்து தேவைப்படும். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, எண்கள் இறங்காவிட்டால் மருந்து என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதல். நான்கு வேளை குத்த முடியாத வீட்டில், காலை வெறும் வயிற்றிலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுமாவது குத்திப் பார்க்கச் சொல்வேன்.

1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டால் என்று இன்னொரு சோதனையும் சில பட்டியல்களில் தென்படும். சாப்பாட்டு உச்சங்களைக் காட்டும் என்பார்கள். அது சிறுநீரகம் சர்க்கரையை எந்த அளவில் வெளியே விடுகிறது என்பதை நம்பியிருக்கிறது. கர்ப்பத்திலும் சிறுநீரக நோயிலும் மாறிப்போவதே அந்த அளவுதான், ஆகவே இரண்டிலும் வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை போய்விட்டதா என்று பார்க்கவும் பலர் ஏ1சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், இரும்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், புதுச் சிவப்பணுக்கள் நிறைய வந்திருக்கும். ஏ1சி குறைவாகத்தான் வரும். நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வெறும் வயிற்றில் வந்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். கைக்குழந்தையோடு அது சிரமம்தான், தெரிகிறது. தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.